பை நீலமானதும் பை உப்பியதும்: எது சவ்வூடு பரவல்?

கேள்வி: டயாலிசிஸ் குழாய்ப் பைக்குள் ஸ்டார்ச்சும் குளுக்கோஸும் கலந்த கரைசல் இருக்கிறது. பையை அயோடின் கலந்த தண்ணீரில் வைக்கிறார்கள். ‘இவற்றில் சவ்வூடு பரவலால் நடந்தது எது?’ என்ற கேள்விக்கு ‘பைக்குள் இருந்த கரைசல் நீலக்கறுப்பானது’ என்று குறித்தேன். அயோடின் சவ்வைக் கடந்துதானே உள்ளே போகிறது? ஆனால் ‘பை உப்பி எடை கூடியது’ என்பதுதான் சரி என்று விடைக்குறிப்பில் இருக்கிறது. இரண்டும் சவ்வைக் கடந்ததுதானே, ஒன்று மட்டும் எப்படிச் சரி? (நீட் தேர்வுக்குப் படிக்கும் பிளஸ் ஒன் மாணவி)

பதில்: விடைக்குறிப்பு சரிதான். சவ்வைக் கடப்பது இரண்டுக்கும் பொது என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. கடந்து போன பொருள் எது என்று பாருங்கள். அயோடின் கரைபொருள், அது நகர்ந்தால் பரவல். தண்ணீர் கரைப்பான். தேர்ந்து கடத்தும் சவ்வின் வழியே தண்ணீர் நகர்ந்தால் மட்டும்தான் சவ்வூடு பரவல். பை நீலமானதற்குக் காரணம் அயோடின், எடை கூடியதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்.

இன்னொரு விதமாகவும் சோதிக்கலாம். சவ்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அயோடின் பரவி ஸ்டார்ச்சைச் சேரும், நீலக்கறுப்பு வரும். அதாவது அந்த நிறமாற்றத்துக்குச் சவ்வு தேவையில்லை, வழி விட்டாலே போதும். ஆனால் சவ்வு இல்லாவிட்டால் உப்புவதற்கு எதுவும் இல்லை, இரண்டு கரைசலும் கலந்துவிடும். கரைபொருளைத் தடுத்துத் தண்ணீரை விடும் ஒரு தடை இருந்தால்தான் ஒரு பக்கம் பருமன் கூடும்.

பள்ளி ஆய்வகத்தில் இந்தச் சோதனையை எளிதாகச் செய்து பார்க்கலாம். செய்தால் எது பரவல், எது சவ்வூடு பரவல் என்பது கண் முன்னே பிரிந்து நிற்கும். 15 சதவீதக் குளுக்கோஸும் 1 சதவீத ஸ்டார்ச்சும் உள்ள கரைசல் 15 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை நீரில் ஊறவைத்து, ஒரு முனையை இறுகக் கட்டி, கரைசலை ஊற்றி, மறுமுனையையும் கட்டுங்கள். மேலே கொஞ்சம் இடம் தளர்வாக இருக்கட்டும். முட்ட நிரப்பினால் உப்புவதற்கு இடமிருக்காது. பையை வெளிப்புறம் நன்றாகக் கழுவி, ஒற்றி எடுத்து, எடை பார்த்துவிட்டு, தேநீர் நிறம் வரும் அளவுக்கு அயோடின் சேர்த்த தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள்.

பைக்குள் நீலக்கறுப்பு, வெளியே மஞ்சள் பழுப்பு என்று இருக்க வேண்டும். வெளியிலும் நீலம் வந்தால் முடிச்சில் கசிவு, அல்லது பையைக் கழுவாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த முடிவை வைத்து எதையும் சொல்லக்கூடாது. வெளிநீரில் கொஞ்சம் எடுத்து பெனடிக்ட் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் சூடாக்கினால், குளுக்கோஸ் வெளியேறியிருப்பது பச்சையிலிருந்து செங்கல் சிவப்புக்குள் ஏதோ ஒரு நிறமாகத் தெரியும். பையை ஒற்றி மறுபடி எடை போட்டால் கூடியிருக்கும். அயோடின் உள்ளே வந்ததும் குளுக்கோஸ் வெளியே போனதும் பரவல். தண்ணீர் உள்ளே வந்தது சவ்வூடு பரவல். ஸ்டார்ச் எங்கும் போகவில்லை. சவ்வின் துளைக்கு அது மிகப் பெரிய மூலக்கூறு, அவ்வளவுதான்.

இங்கே பலர் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். ஸ்டார்ச் வெளியே போகாததால் அதுதான் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறார்கள். தண்ணீரின் நகர்வைத் தீர்மானிப்பது கரைபொருள் துகள்களின் எண்ணிக்கை, எடை அல்ல. 15 சதவீதக் குளுக்கோஸ் என்றால் லிட்டருக்கு 150 கிராம். ஒரு மோல் 180 கிராம் என்பதால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.83 மோல். ஸ்டார்ச்சோ லிட்டருக்கு 10 கிராம். ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான மடங்கு கனம் என்பதால் அதன் மோல் கணக்கு மிகச் சொற்பம். ஆக, தொடக்கத்தில் தண்ணீரை வரவழைப்பது பெரும்பாலும் குளுக்கோஸ்தான். அதுவும் சவ்வைக் கடக்கும், ஆனால் தண்ணீரைவிட மெதுவாக. அதனால் பை முதலில் உப்பும். குளுக்கோஸ் கசியக் கசிய உப்பும் வேகம் குறையும். இரவு முழுக்க விட்டால் உள்ளும் வெளியும் குளுக்கோஸ் ஏறக்குறைய சமமாகிவிடும்.

‘அதிகத்திலிருந்து குறைவுக்கு’ என்று மட்டும் மனப்பாடம் செய்வதும் ஆபத்து. எதன் அதிகம் என்ற சொல் அதில் இல்லை. பரவலில் நகரும் கரைபொருளின் செறிவைப் பாருங்கள். சவ்வூடு பரவலில் தண்ணீரின் நிலையைப் பாருங்கள், அதாவது நீரியல் திறனை. ‘தண்ணீர் கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து அதிகமுள்ள பக்கத்துக்குப் போகும்’ என்ற விதியும் இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்போதுதான் செல்லும். தாவர செல்களில் அது பெரும்பாலும் சமமாக இருக்காது.

நீட்டில் வரும் வகையில் ஒரு கணக்கு:

Ψ = Ψs + Ψp

Ψ என்பது நீரியல் திறன். Ψs அதில் கரைபொருளால் வரும் பகுதி, Ψp அழுத்தத்தால் வரும் பகுதி. Ψ பெரிதாக உள்ள பக்கத்திலிருந்து சிறிதாக உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போகும்.

செல் அ: Ψs = -0.9, Ψp = 0.6. செல் ஆ: Ψs = -0.6, Ψp = 0.1. எல்லாம் மெகாபாஸ்கலில். கரைபொருள் அ-வில்தான் அதிகம், எனவே தண்ணீர் ஆ-விலிருந்து அ-வுக்குப் போகும் என்று குறித்தால் தவறு. கூட்டிப் பார்த்தால் அ-வின் நீரியல் திறன் -0.3, ஆ-வின் திறன் -0.5. இரண்டில் -0.3தான் பெரிது. எனவே தண்ணீர் அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும், இரண்டும் சமமாகும்வரை. அ ஏற்கெனவே விறைத்து நிற்கிறது, அதன் சுவர் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. எதிர்மறை எண்ணில் அவசரமாக -0.5ஐப் பெரிது என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் மற்றொரு தவறு.

விடைகளில் ‘பரவல்’, ‘சவ்வூடு பரவல்’ இரண்டுமே இருந்து, கேள்வி தண்ணீர் சவ்வைக் கடப்பதைக் கேட்டால், குறிப்பிட்ட பெயரையே எடுங்கள். சவ்வூடு பரவலைப் பரவலின் தனி வகையாகத்தான் பள்ளிப் புத்தகங்கள் வைக்கின்றன. உலர்ந்த விதை ஊறிப் பருப்பது உள்ளீர்த்தல் என்ற தனிப் பெயரில் கேட்கப்படும்.

இதே பிரிப்பு பிளாஸ்மா சிதைவுக் கேள்விக்கும் பயன்படும். அடர் உப்புக் கரைசலில் வைத்த செல்லில் சவ்வு சுவரை விட்டு விலகியதும் நடுவே உள்ள இடைவெளியில் என்ன இருக்கும்? வெறும் நீர், காற்று, செல் சாறு, வெளிக்கரைசல் என்று நான்கு ஆப்ஷன். செல் சுவர் தண்ணீரையும் உப்பையும் தடுப்பதில்லை. பிளாஸ்மா சவ்வு உப்பை எளிதில் விடுவதில்லை. ஆக உப்புக் கரைசல் சுவர் வழியே உள்ளே வந்து சவ்வின் வாசலில் நின்றுவிடும். விடை வெளிக்கரைசல்.