கடல் இருந்தும் கோடு எங்கே விழுந்தது?

அண்ணா, பள்ளிக்கூடத்தில் தேசிய அரசு பற்றிப் படித்தோம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் கோடு போட்டார்கள் என்றால் புரிகிறது. இலங்கை தீவுதானே, சுற்றிலும் கடல். இங்கே எல்லையை யார் போட்டார்கள்? இங்கேயே பிறந்த எங்கள் தாத்தா ஏன் நாடற்றவர் ஆனார்?
ஒரு மாணவி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கைக்கு,

அரசு என்பது வரி வாங்கி, சட்டம் போட்டு, பொலிஸ் வைத்து நடத்தும் அமைப்பு. தேசம் என்பது நாங்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று மக்கள் மனதில் இருக்கும் எண்ணம். இந்த இரண்டும் ஒரே கோட்டுக்குள் பொருந்த வேண்டும் என்பதுதான் தேசிய அரசு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் வலுப்பெற்ற, அவ்வளவு பழையதல்லாத ஒரு எண்ணம் இது. அதற்கு முன்னால் அரசர்கள் இப்படி யோசிக்கவில்லை. நம்முடைய கண்டியையே 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவர்கள். கணவாய்களில் காவல் இருந்தது, ஆனால் நாட்டைச் சுற்றி ஒரு கோடு இருக்கவில்லை.

சரி, கோட்டுக்கு வருவோம். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் முதலில் அதை மதராசிலிருந்துதான் ஆண்டார்கள். 1802இல் அது லண்டனின் நேரடிக் குடியேற்றநாடு ஆனது, இந்தியா கிழக்கிந்தியக் கம்பெனியிடமே இருந்தது. இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நிர்வாகங்கள் ஆனது இப்படித்தான், அதாவது யார் எந்த அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டுவது என்ற ஏற்பாட்டில். திருச்சியிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர் இரண்டு கரையிலும் அதே முடியின் குடிமகன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது, அதுவும் இந்திய மண்ணில். அங்கே தடுத்து வைத்துப் பார்த்தது காலராவையும் பிளேக்கையும். எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழவில்லை.

ஆங்கிலேயர் போனபோது அந்த நிர்வாகக் கோடு அப்படியே நாட்டின் எல்லையாகிவிட்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பெரும்பாலான எல்லைகள் இப்படி வந்தவைதான், பாகிஸ்தான் போலப் புதிதாக வெட்டியவை குறைவு. ஆனால் கோடு போட்டவுடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: உள்ளே இருப்பவர்களில் யார் நம்மவர்? இலங்கை அதற்குப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பதில் சொன்னது. அது 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் எல்லை நுழைந்தது அன்றுதான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பா 1915இல் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், அவருடைய அப்பா திருச்சியில் பிறந்தவர். சட்டப்படி, அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எனவே அப்பா பிரஜை இல்லை. 1940இல் பிறந்த மூத்த மகனுக்குத் தகப்பன் இங்கே பிறந்தவர், ஆகவே அவன் பிரஜை. ஆனால் தகப்பனின் பிறப்புப் பத்திரம் வேண்டும், அது பெரும்பாலும் கிடைக்காது. 1949இல் பிறந்த இளையவனுக்கோ தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும், அவர் பிரஜை இல்லையே. ஒரே அறை, ஒரே அடுப்பு, நடுவில் கோடு. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இந்தியா ஏற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். 1950இல் வந்த அதன் அரசியலமைப்பு, வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்தால் பிரஜை என்றது. பதியாவிட்டால் இல்லை. இங்கேயே வாழ்ந்து சாகப்போகிறவர் ஏன் அங்கே பதிய வேண்டும்? இங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினர் பதிந்து பிரஜையாகலாம் என்ற இலங்கையின் 1949 சட்டத்தின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோருக்கு. மிச்சம் இருந்தவர்கள் இரண்டு கோட்டுக்கும் வெளியே நின்றார்கள். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் நின்றிருப்பார்.

அப்புறம் 1964 ஒக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். தோட்டத்து மக்களைக் கேட்டு வந்த எண்கள் அல்ல இவை. மீதி 1,50,000 பேரை 1974 ஜனவரியில் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். நீங்கள் கேட்ட கடல் எல்லை, அதாவது பாக்கு நீரிணையில் கச்சதீவுக்கு மேற்கே போகும் கோடு, அதே ஆண்டு ஜூனில்தான் ஒப்பந்தமானது. மன்னார் வளைகுடாவில் 1976இல். மனிதர்களுக்கு நடுவில் போட்ட கோட்டுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கும் பிறகு!

கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் இங்கே வசிக்கும் அவர்களுடைய சந்ததியினரும் பிரஜைகளாகலாம் என்றது. வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் சான்றிதழில் உள்ள ஆண்டும் சட்டத்தின் பெயரும் அவர் இவற்றில் எந்த வழியாகப் பிரஜை ஆனார் என்று சொல்லிவிடும்.