நான்கு பக்க ரெஸ்யூமேயும் உடைந்த ஆத்தங்குடிக் கற்களும்

“அண்ணே, எனக்குக் கோட்டையூர். ஆத்தங்குடிக் கற்களைப் பட்டறைகளில் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் கடையில் நான்கு வருடமாகச் சரக்கு அனுப்பும் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் மேற்படிப்புக்குச் சிங்கப்பூர் வருகிறேன். முடித்ததும் கன்சல்டிங் நிறுவனத்தில் சேர ஆசை. என் ரெஸ்யூமேயை அனுப்பியிருக்கிறேன், நான்கு பக்கம். சரியாக இருக்கிறதா? அங்கே அறை வாடகை எவ்வளவு? உப்புக்கண்டம் கொண்டுவரலாமா?”

தம்பி, வாடகையை உன் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேள். நான் அறைக்கு வாடகை கொடுத்த காலம் வேறு. உப்புக்கண்டத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்த நான்கு பக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைத் திறந்ததும் 1999-இல் நான் கொண்டுவந்த ரெஸ்யூமேயே திரும்பி வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

முதல் பக்கத்தில் புகைப்படம். கீழே தகப்பனார் பெயர், பிறந்த தேதி, திருமணமாகவில்லை என்ற தகவல். நான்காம் பக்கத்தின் அடியில் “மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்” என்று இடம், தேதி, கையெழுத்து. அதை ஊரில் யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, இன்னும் விட்டபாடில்லை. நீ போவது பத்திரப்பதிவுக்கு அல்ல. எல்லாவற்றையும் எடுத்துவிடு. இங்கே வேலைக்கு எடுப்பவர்கள் வயது, மதம், திருமணம் போன்றவற்றைக் கேட்கக் கூடாது என்றே நெறிமுறை இருக்கிறது. கேட்காததை நீயாக நீட்டினால், உள்ளூர் வழக்கம் தெரியாதவன் என்று முதல் வரியிலேயே காட்டிக்கொள்வாய்.

கன்சல்டிங் நிறுவனத்துக்கு ஒரு பக்கம். உன் வயதில் அதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். நீ மாணவனாக விண்ணப்பிப்பதால் முதலில் படிப்பு, பிறகு வேலை, பிறகு வேலைக்கு வெளியே நீ முன்நின்று செய்தது, கடைசியில் மொழிகளும் திறன்களும். புதியது மேலே, பழையது கீழே. தேதிகள் எல்லாம் வலப்பக்கம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கட்டும். ஓரிடத்தில் மாதத்தை முழுதாக எழுதிவிட்டு இன்னோரிடத்தில் சுருக்காதே. வடிவத்தைப் பற்றி அவ்வளவுதான்.

இதற்குப் போய்ப் பணம் கொடுத்துவிடாதே. ரெஸ்யூமே செய்து தருகிறேன் என்று நம் ஊர்க்காரர்களே சிலர் இங்கே கடை விரித்திருக்கிறார்கள். நான் வந்த புதிதில் அப்படி ஒருவரிடம் 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அது இரண்டு வாரச் சாப்பாடு. நீல நிறப் பட்டையும் “குழுவாக உழைப்பவர்” என்பதற்கு ஐந்து நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தார். பிற்பாடு ஒரு நிறுவனத்தில் பத்து வருடம் இருந்து, வந்து குவியும் ரெஸ்யூமேக்களைச் சலிக்கும் வேலையும் பார்த்தேன். நட்சத்திரம் போட்ட தாளைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரிக்கும்போது அந்த 150 வெள்ளி ஞாபகத்துக்கு வரும்.

இனி உள்ளே இருப்பது. நீ எழுதியிருக்கிறாய்: “சரக்குகளை உரிய நேரத்தில் பாதுகாப்பாக அனுப்புவதற்குப் பொறுப்பாளராகப் பணியாற்றினேன்.” உன் பெயரை விரலால் மறைத்துவிட்டு இந்த வரியைப் படி. உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் இதையே எழுதலாம், நாளை வரப்போகிறவரும் எழுதலாம். அப்படியானால் அது நாற்காலியின் வேலை விவரம். நீ என்ன செய்தாய் என்பது அதில் இல்லை. உன் நான்கு பக்கத்தில் இந்தச் சோதனைக்குத் தப்பிய வரி ஒன்றுதான்: “உடைசலைப் பெருமளவு குறைத்தேன்.” அதையும் பாதியில் விட்டுவிட்டாய். அதனால்தான் உன்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் குடைந்தேன். நீ சொன்னதை வைத்தே பார்ப்போம்.

மாதம் 20,000 கல் அனுப்புகிறீர்கள். கல் ஒன்று 45 ரூபாய். முன்பு நூற்றுக்கு 9 உடைந்துகொண்டிருந்தது. எல்லோரும் லாரி ஓட்டுநரைத் திட்டினார்கள். நீ திட்டாமல் ஒரு மாதம் எண்ணியிருக்கிறாய்: ஏற்றும்போது எத்தனை, இறக்கும்போது எத்தனை, பிரிக்கும்போது எத்தனை என்று மூன்று இடத்தில். பார்த்தால், உடைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு படுக்கையாக அடுக்கிய கட்டின் அடி வரிசைக் கற்கள். மீதியில் பெரும்பகுதி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துச் சரியாகக் காயும் முன்பே ஏற்றியவை. பிறகு கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, பூ முகமும் பூ முகமும் பார்க்க நடுவில் தாள் வைத்து, மரச்சட்டத்தில் அடுக்கச் செய்தாய். தொட்டியிலிருந்து எடுத்த தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் கட்டின் மேல் எழுத வைத்தாய். ஆறு மாதத்தில் உடைசல் நூற்றுக்கு 3 ஆனது.

அடப்பாவி, இதைத்தானே அவர்கள் தேடுகிறார்கள்! எல்லோரும் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பார்த்து வேறு காரணத்தைக் கண்டுபிடித்தாய். கன்சல்டிங் என்ற தொழிலே அதுதான். நீயோ அதை விட்டுவிட்டு, “கணினியில் நல்ல தேர்ச்சி” என்பதற்கு மூன்று வரி கொடுத்திருக்கிறாய்.

சரி, கணக்குப் போடுவோம். நூற்றுக்கு 6 கல் பிழைத்தது என்றால் மாதம் 1,200 கல், அதாவது 54,000 ரூபாய். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குவார்கள். அந்த 54,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிடுவார்கள். மரச்சட்டத்துக்கும் தாளுக்கும் மாதம் 15,000 கூடுதலாகச் செலவானது என்று நீயே சொன்னாய். அதைக் கழித்தால் நிகரம் 39,000. வருடத்துக்கு 4,68,000 ரூபாய். நேர்முகத்தில் எதிரே இருப்பவர் முதலில் கேட்பதே “இதற்கு என்ன செலவானது?” என்றுதான்.

அந்த நான்கரை லட்சத்தை அப்படியே எழுதாதே. லட்சம் என்பது இங்கே பலருக்குப் புரியாது. வெள்ளிக்கு மாற்றினாலோ, கஷ்டப்பட்டுச் செய்த வேலை சில்லறை மாதிரித் தெரியும். உங்கள் கடையின் விற்பனை மாதம் 9 லட்சம், வருடம் 1 கோடியே 8 லட்சம். நீ மிச்சம் பிடித்தது அதில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். எவ்வளவு பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கும் விற்பனையில் 4 சதவீதம் என்றால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

ஆகவே வரி இப்படி வரும். ஆங்கிலத்தில் நீ எழுதிக்கொள், பொருளை நான் தமிழில் தருகிறேன்: “உடைசலின் மூலத்தை மூன்று கட்டமாக எண்ணிக் கண்டறிந்து, அடுக்கும் முறையை மாற்றி, 6 மாதத்தில் 9%-லிருந்து 3%-க்குக் குறைத்தேன், நிகர மிச்சம் ஆண்டு விற்பனையில் 4%.” சிக்கல், நீ செய்தது, விளைவு, காலம் எல்லாம் இதற்குள் இருக்கிறது. தாளில் ஒரே வரியில் அடங்காமல் ஒரு சொல் மட்டும் அடுத்த வரிக்கு விழுந்தால் வேறொரு சொல்லை வெட்டு. எதை வெட்டினாலும் “எண்ணிக் கண்டறிந்து” என்பதை வெட்டாதே. அது போனால், முதலாளி சொன்னபடி பெட்டி மாற்றியவன் ஆகிவிடுவாய்.

உண்மையிலேயே முதலாளி சொல்லித்தான் செய்தாய் என்றால் அப்படியே எழுது. தேதி எழுதும் யோசனை பட்டறை மேஸ்திரியுடையது என்று பேச்சுவாக்கில் சொன்னாய். அதனால்தான் அதை வரியில் சேர்க்கவில்லை. அவர்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தோண்டுவார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வந்த புதிதில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். முறை போட்டுத் தூங்குவோம். நேர்முகத்துக்குப் போக ஒரே ஒரு நல்ல சட்டை, அதுவும் என்னுடையது இல்லை. ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். என் தாளில் “செலவை 30 சதவீதம் குறைத்தேன்” என்று இருந்தது. நேர்முகம் கண்ட அம்மாள் மெதுவாகக் கேட்டார்: “எதில் 30?” நான் வேலை பார்த்த ஆலையின் மொத்தச் செலவிலா, பராமரிப்புச் செலவிலா, உதிரிப் பாகங்களிலா? எனக்குத் தெரியவில்லை. எங்கள் மேலாளர் ஒரு கூட்டத்தில் சொன்ன எண் அது. நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பத்தே நிமிடத்தில் எழுந்து கைகொடுத்துவிட்டார்.

அன்று இரவு ஐயாவை நினைத்துக்கொண்டேன், அப்பச்சியின் தகப்பனார். பர்மாவில் ஒரு வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். 1942-இல் எல்லோரையும் போல ஓடிவந்தவர். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு மரப்பெட்டியில் அவருடைய கணக்கு நோட்டுகள் இருந்தன. ஒருவர், ஒரு வரி: யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு, என்ன வட்டி, எவ்வளவு வந்தது, எவ்வளவு நிலுவை. மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை போட்டு முதலாளி முன் வைக்க வேண்டுமாம். “கடுமையாக உழைத்தேன்” என்று எழுத அதில் இடம் ஏது? சின்ன வயதில் அந்த நோட்டின் பின்பக்கத்தில் நான் யானை வரைந்து அடி வாங்கியிருக்கிறேன். இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம்மவர்கள் வட்டிக் கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள். மதிய உணவுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஐயாவின் கையெழுத்துத்தான் நினைவுக்கு வரும்.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன். உன் தாளில் இன்னும் மூன்று வரியாவது இப்படித் தேறும் என்று நினைக்கிறேன். கோயில் திருவிழா அன்னதானத்துக்குக் கணக்குப் பார்த்ததாகச் சொன்னாயே, எத்தனை இலை, எத்தனை நாள், முந்தைய வருடத்தைவிட எவ்வளவு மிச்சம் என்று விசாரித்துவை. ஞாபகத்திலிருந்து எழுதாதே, நோட்டைப் பார்த்து எழுது. கடையை விட்டு வருவதற்கு முன் உடைசல் கணக்கையும் முதலாளியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள். இங்கே வந்தபின் கேட்டால் கிடைக்காது.

உப்புக்கண்டத்தைப் பெட்டியில் வைக்காதே. ஊரிலிருந்து இறைச்சி கொண்டுவர இங்கே விடமாட்டார்கள். சீப்புச்சீடை கொண்டு வா, தகர டப்பாவில். பிளாஸ்டிக் பையில் போட்டால் அதுவும் உன் கற்களைப் போலத்தான் வந்து சேரும்.