சீட் பெல்ட்டின் கடைசி முழம்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், பழைய கார் வாங்கும்போது மக்கள் பொதுவாகச் செய்யும் தவறுகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொன்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்?

பதில்:

கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு தவறு போதும். நம் பக்கத்தில் கார் பார்க்கப் போகிறவர்கள் வண்டி எங்கே அடிபட்டிருக்கிறது என்று கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள், பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார்கள். வண்டி எங்கேயாவது தண்ணீரில் நின்றதா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் சென்னையில் பல ஆண்டுகள் மோட்டார் சர்வேயராக, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதமான வண்டிகளை மதிப்பிடுகிறவனாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை வரிசையாகப் பார்த்தவன் என்பதால், இதை மட்டுமாவது நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

நம் ஊருக்கு இது ஏன் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். செட்டிநாட்டில் மழை கொட்டினால் நீர் ஊருணிக்கும் கண்மாய்க்கும் போய்விடும் என்பது நம் நினைப்பு. கார் மூழ்குவதை நாம் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நமக்கு விற்பனைக்கு வரும் கார்களில் கணிசமானவை வெளியூர் வண்டிகள். "சென்னை வண்டி, ஒரே கை, ஆபீசுக்குப் போய் வந்தது" என்பதையே நாம் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறோம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வடக்கிலிருந்து வரும் வண்டியானாலும் தெற்கிலிருந்து வரும் வண்டியானாலும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், 2024 ஏப்ரலில் ஒரு தரகர் மூலமாகச் சென்னைப் பதிவு எண் கொண்ட சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். 2019 ஜனவரியில் பதிவான வண்டி, 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதே மாடல் ஐந்து லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது இது 4,30,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பிள்ளையார்பட்டியில் பூசை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆடி மாதத்தில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கியது. அடுத்து இடப்பக்கக் கண்ணாடி இறங்க மறுத்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒருநாள் காலையில் வண்டி கிளம்பவே இல்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பெயிண்ட் கூட கம்பெனி பெயிண்டுதான், ஒட்டு வேலை ஒண்ணும் இல்லை, நம்ம மெக்கானிக்கை வச்சு ஓட்டிப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வெள்ளம் தகரத்தை நசுக்காது, பெயிண்டைக் கெடுக்காது, ஓட்டிப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் எதையும் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. குறைவான கிலோமீட்டர் என்பதும் சில மாதங்கள் ஒர்க் ஷாப்பில் நின்றதாலேயே கூடி வரும் ஒரு அழகுதான்.

நான் செய்த முதல் வேலை, ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்ததுதான். கூட்டத்திலும் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி இதைச் செய்து காட்டுங்கள். பெல்ட் சுருண்டுகொள்ளும் உருளை, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள தூணின் அடியில் இருக்கிறது. வண்டி தண்ணீரில் நிற்கும்போது அந்தச் சுருள் அப்படியே ஊறும். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள். இழுத்துக்கொண்டே போய், இனி வராது என்று நிற்கும் இடத்திலுள்ள கடைசி ஒரு முழத்துக்கு அவர்கள் போவதில்லை. அண்ணனின் வண்டியில் அந்த முழத்தில், பெல்ட்டின் நெசவுக்குள், சாம்பல் நிறத்தில் மாவு போன்ற வண்டல் படிந்திருந்தது. வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கித் துடைத்தபோது துணி சாம்பல் நிறமானது. நம் ஊரில் ஓடிய வண்டியில் செம்மண் தூசி எங்கும் இருக்கும். ஆனால் அது உலர்ந்த தூசி, காற்று போகிற இடத்துக்குத்தான் போகும், நிறமும் வேறு. தூசி போக முடியாத இடத்தில் சாம்பல் வண்டல் இருந்தால், அதைக் கொண்டுவந்தது தண்ணீர்தான்.

பெல்ட்டையே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சிறு துணி லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். 2019 வண்டியில் 2024 பெல்ட் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேட்கலாம்.

அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியைப் பார்க்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பானரும் துருப்பிடித்திருந்தால் அங்கே நீர் தேங்கியிருக்கிறது. பிறகு முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தரையில் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைச் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சாதாரணமாக அந்தப் போல்ட்டை யாரும் தொடுவதில்லை. ஸ்பானர் பட்டு முனை மழுங்கியிருந்தால் சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இதில் மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். தரை முழுவதும் ஒட்டும் மேட் போடுகிறவர்களும் சீட்டைக் கழற்றுவார்கள். அதேபோல, தொண்டி, ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளில் கடற்காற்றினால் அடிப்பாகம் துருப்பிடிப்பது இயல்பு. ஆனால் அந்தத் துரு வெளியிலும் அடியிலும் இருக்கும், பிரேக் பெடலுக்கு மேலே டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் இருக்காது. ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி இருப்பதை மட்டும் வைத்து வெள்ள வண்டி என்று சொல்லவே கூடாது. ஒரு அடையாளம் சந்தேகம். மூன்று அடையாளங்கள் ஒரே உயரத்தில் இருந்தால் அதுதான் தண்ணீர் நின்ற மட்டம்.

அந்த மட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தரைக் கம்பளம் மட்டும் நனைந்திருந்து, உடனே உலர்த்தி, பில்லும் காட்டினால் அந்த வண்டியை விலை குறைத்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீட் வரை ஏறியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம் என்பேன். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கியர் லீவருக்கு அருகே தரையை ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரே அதைத் தொட்டுவிடும். அதன் செருகிகளில் உள்ள செம்பு உடனே கெடுவதில்லை. மெல்ல மெல்லப் பச்சை பூத்து, மாதங்கள் கழித்துத்தான் மின் இணைப்பை விடுகிறது. அண்ணனின் வண்டியில் ஏப்ரலில் இல்லாத கோளாறு ஆடியில் வந்தது இதனால்தான். ஏர்பேக் விளக்கையே எரியாமல் செய்துவிட்டு விற்பதும் உண்டு. அதற்குச் சோதனை எளிது: இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

இத்தனையும் பார்க்காமலேயே, கையில் இருந்த ஒரு காகிதத்திலிருந்து அண்ணன் தெரிந்துகொண்டிருக்கலாம். வண்டியோடு கொடுத்த பாலிசியை வாங்கிப் பார்த்தேன். பழைய உரிமையாளர் பெயரில் 2024 ஜனவரியில் புதுப்பித்தது. அதில் 'நோ கிளைம் போனஸ்' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. இழப்பீடு எதுவும் கேட்காமல் ஓட்டுகிறவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் ஆண்டு முடிந்ததும் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அது ஆண்டுதோறும் 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஒருமுறை இழப்பீடு வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும். ஐந்து ஆண்டுகள் ஒரே கையில் இருந்த வண்டியில் 50 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். முந்தைய ஆண்டு என்பது 2023 ஜனவரி முதல் 2024 ஜனவரி வரை. அதற்குள் டிசம்பர் 4 வருகிறது. கதவிலோ பம்பரிலோ அடிபட்ட தடமே இல்லை. அப்படியானால் இழப்பீடு எதற்கு?

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு, அதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. எனவே வண்டி கைமாறிப் புதியவர் பெயரில் எடுத்த பாலிசியில் பூஜ்யம் இருப்பது எதையும் காட்டாது. வெள்ளத்துக்கு முன்பே புதுப்பித்த பாலிசியும் ஒன்றும் சொல்லாது. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அதில் இந்தத் தள்ளுபடியே கிடையாது. மேலும், தண்ணீருக்குள் நின்ற வண்டியைக் கிளப்பி இஞ்சினுக்குள் நீர் புகுந்துவிட்டால், இஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவருக்கு அந்த இழப்பீட்டைக் கொடுக்கப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அவர் கைக்காசில் சரிசெய்தோ, கிடைத்த விலைக்குத் தள்ளியோ விடுவார், பாலிசியில் சுவடே இருக்காது. பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். அந்த வண்டி ஏலத்தில் போய், யாரோ ஒருவர் கழுவித் துடைத்துத் திரும்பவும் சந்தைக்கு வரலாம். ஆகவே பாலிசியோடு நிற்காமல், கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் சர்வீஸ் வரலாற்றை எடுத்துத் தரும்படி உரிமையாளரிடமே கேளுங்கள். mParivahan செயலியில் எத்தனையாவது கை, பதிவு நாள், பாலிசி எதுவரை என்று பார்த்து, அவற்றை வெள்ளம் வந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணன் தரகரிடம் போய்க் கேட்டார். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஒயரிங் முழுவதையும் மாற்ற 70,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். ஏர்பேக் பெட்டிக்குத் தனிக் கணக்கு. மூன்று மாதம் அலைந்த பிறகு, வெள்ளத்தில் நின்ற வண்டி என்று வாங்குகிறவரிடம் சொல்லியே 2,60,000 ரூபாய்க்கு விற்றார். சொல்லாமல் விற்றிருந்தால் நான்கு லட்சம் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பனைத் தாளில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "இந்த வண்டி வெள்ளநீரில் நின்றதில்லை, நின்றதாகத் தெரியவந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன்." அந்த வரியை ஏற்றுக் கையெழுத்திடும் உரிமையாளரிடம் மேற்கொண்டு விலை பேசலாம். தரகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு பேச்சு பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.