நரைத்த தாடிக்கும் தலைக்கும் டை: அடித்தது தெரியாமல் இருக்க – கேள்வி பதில்

22 வருடமாக ஆண்களுக்கான சலூன் நடத்துகிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

“அண்ணா, வயது 46. தலையில் பாதி நரை, மோவாயில் முழு வெள்ளை. பிளாக் டை வாங்கி எல்லாத்துக்கும் அடிச்சேன். மறுநாளே ஆபீஸ்ல எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க தப்பு?”

ஷேடும் தப்பு, ஒரு நரை விடாமல் மூடியதும் தப்பு. நம் முடி கறுப்பு என்றுதான் நினைக்கிறோம். வெயிலில் நின்று பாருங்கள், நுனி பழுப்பாகத் தெரியும். பெட்டியில் 1 என்று போட்டிருக்கும் கறுப்பு மை பூசியது போல நிற்பது அதனால்தான். உங்களுக்குத் தலைக்கு 3, தாடிக்கு அதைவிட வெளிறிய 4 போதும். பலருக்குத் தாடி இயல்பிலேயே தலைமுடியைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்.

போன மாதம் உங்களைப் போலவே ஒருவர் வந்தார். எண்ணெய் இல்லாத, உலர்ந்த தலை. நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வாசலின் தடவினேன். உச்சியிலும் பின்பக்கமும் 3-ஐ நன்றாக வைத்தேன். காதோரத்தில் பிரஷில் ஒட்டியிருந்த மிச்சத்தை மட்டும் மேலோட்டமாக இழுத்துவிட்டேன், அங்கங்கே நரை நிற்கட்டும் என்று. தாடிக்கு, தாடிக்கென்றே விற்கும் 4-ஐப் பழைய டூத்பிரஷில் கொஞ்சமாக எடுத்து வைத்தேன். மோவாய் நடுவில் இரண்டு கீற்று வெள்ளையைத் தொடவே இல்லை. நாலாவது நிமிடம் ஈரப் பஞ்சால் ஓரிடத்தில் துடைத்துப் பார்த்தேன், நிறம் வந்திருந்தது, உடனே கழுவிவிட்டேன். முகத்தில் டை சீக்கிரம் பிடிக்கும், தோலும் கறையாகும். குறைந்தால் அடுத்த வாரம் இன்னொரு தடவை வைக்கலாம். கூடிவிட்டால் முடி வளர்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான்.

“அம்மோனியா இல்லாத டை வாங்கினா அலர்ஜியே வராது. டெஸ்ட் எல்லாம் வேண்டாம். சரிதானே?”

பாதி சரி. நெடி குறையும், எரிச்சலும் குறையலாம். ஆனால் கடுமையான அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடி என்ற சாயப்பொருள். அது அம்மோனியா இல்லாத டையிலும் இருக்கலாம். கருமையாக்கும் ‘பிளாக் மெஹந்தி’ பாக்கெட்டுகள் பலவற்றிலும் உண்டு. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். பத்து வருடமாக டை அடித்த வாடிக்கையாளர் ஒருவருக்குத் திடீரென்று ஒருநாள் கண் இமை வீங்கிவிட்டது. இத்தனை நாள் வரவில்லை என்பதை நம்பி இருக்கக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பொருளை மறுபடி தொடவே வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

“என் அப்பா மருதாணி மட்டும்தான் போடுறார். தாடி செம்பட்டையா ஆயிடுச்சு. கறுப்பு மருதாணி வாங்கித் தரவா?”

வேண்டாம் தம்பி, அதைத்தான் மேலே சொன்னேன். சுத்தமான மருதாணி வெள்ளை முடியில் செம்பட்டையாகத்தான் ஏறும். அதன் மேல் அவுரிப் பொடி போட்டால் பழுப்புக்கோ கறுப்புக்கோ வரும். மருதாணியை அலசிய பிறகு அவுரியை வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் குழைத்து, கால் மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். முதல் நாள் பச்சை கலந்த மாதிரி தெரியலாம். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். பொறுமை இருக்கிறவருக்கு நல்ல வழி. பொடியில் வேறு எதுவும் கலக்கவில்லை என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

“அஞ்சே நாள்ல அடியில வெள்ளை தெரியுது. வாரா வாரம் முழுசா அடிக்கலாமா?”

அடித்தால் நுனி மேலும் மேலும் கறுத்துவிடும், வேர் மட்டும் தனி நிறமாக நிற்கும். தாடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வளரும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வேருக்கு மட்டும் வையுங்கள். தாடியை ஒட்ட வெட்டுகிறவர் என்றால் தாடியை அப்படியே விட்டுத் தலைக்கு மட்டும் லேசாக வைப்பதையே சொல்வேன். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவரவர் விருப்பம்.

“மீசை ஓரத்துல நாலு முடி எந்த டைக்கும் பிடிக்கவே இல்லையே?”

அந்த முடி தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். முதலில் அங்கே வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மற்ற இடத்துக்குப் போனால் சிலருக்குப் பிடிக்கிறது. சிலருக்கு அப்படியும் பிடிப்பதில்லை, அதற்கு என்னிடம் உறுதியான வழி இல்லை. நான் அந்த நாலு முடியையும் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுவேன்.