லிங்க்ட்இன் நியூஸ்லெட்டர்: போஸ்ட்ல இருந்து எப்படி வேற?

கேள்வி: லிங்க்ட்இன்ல நியூஸ்லெட்டர்னா என்ன, சும்மா போஸ்ட் போட்டா பத்தாதா?

நம்ம ப்ரொஃபைல்ல இருந்தே ஒரே பேர்ல, வாராவாரமோ மாசாமாசமோ வர்ற கட்டுரைத் தொடர்தான். போஸ்ட் யார் கண்ணுல படணும்னு அல்காரிதம் முடிவு பண்ணும், ஆனா இதுல சப்ஸ்க்ரைப் பண்ணவங்களுக்கு ஒவ்வொரு இதழுக்கும் நோட்டிஃபிகேஷனும் மெயிலும் போகும், கடைக்குப் போகாமலே வாசல்ல பேப்பர் விழற மாதிரி.

முதல் இதழ் போட்டதும் உங்க கனெக்‌ஷன்ஸ், ஃபாலோயர்ஸ்க்கு லிங்க்ட்இனே அழைப்பு அனுப்பும், அதனால அதை வெறும் அறிமுகத்துல வீணாக்காதீங்க. பாய்லர் பராமரிப்பு பத்தின தொடர்னா எடுத்த எடுப்புலயே "ட்யூப்ல உப்பு படிஞ்சத புகைபோக்கி சூடு ஏறுறத வெச்சு எப்படி கண்டுபிடிக்கலாம்"னு எழுதுங்க, அந்த வேலை பாக்குறவங்க மட்டும் சேருவாங்க, அவங்கதான வேணும்.

சப்ஸ்க்ரைபர்ஸோட மெயில் ஐடி நமக்குக் கிடைக்கும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, கிடைக்காது, யார் யார்ங்கிற பட்டியல் மட்டும்தான் தெரியும்.