அத்தை ஒருத்திக்குத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கும் என் அண்ணன் மகன், தனக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை, பையன்கள்மீதுதான் என்று என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னான். இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறான். அண்ணனிடம் வாய்திறக்க முடியாது. நான் ஒருத்தி புரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறைய ஆகும். அமெரிக்காவின் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்பு, தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் உள்ளிட்ட 13 முதல் 24 வயது வரையிலான இளையோரிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றை 2019இல் வெளியிட்டது. தங்களை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தவர்களில், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்களின் விகிதம் மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே ஓரளவு திடமாக இருக்கும் பிள்ளைதான் ஒரு பெரியவரைத் தேடி மனம் திறக்கிறது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே முழுப் பலனையும் அந்தப் பெரியவர் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்பது தெளிவாகவே தெரிகிறது.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் விரிவாக விளக்கியபடி, இந்தப் பிள்ளைகளைக் கேலியும் அடியும் மட்டும் வாட்டுவதில்லை. ‘தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள்’ என்ற எதிர்பார்ப்பு, இடைவிடாத மறைப்பு, ‘என்னிடம்தான் கோளாறு’ என்ற எண்ணம் ஆகிய மூன்றும் உள்ளேயிருந்து அரிக்கின்றன. முதல் இரண்டும் பதற்றத்தை வளர்க்கின்றன. மூன்றாவது மனச்சோர்வுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். உங்களுக்கு மகள் இருந்தால் அவள் அவனுக்கு முறைப்பெண். விசேஷ வீட்டுப் பந்தியில் யாராவது “மருமகனே, மாமியாருக்குப் பரிமாறு” என்று சிரித்திருப்பார்கள். எல்லோருக்கும் அது விளையாட்டு. அவனோ எவ்வளவு சிரிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், நேற்று என்ன பதில் சொன்னோம் என்று ஒவ்வொரு நொடியும் தன்னையே கண்காணித்துக்கொண்டிருப்பான். அந்தக் கண்காணிப்பு படுக்கையிலும் நிற்பதில்லை. தூக்கம் கெடுவதும் நெஞ்சு படபடப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

உங்களிடம் சொன்ன அன்று, நீங்கள் விரட்டுவீர்கள் என்றே பயந்திருப்பான். நீங்கள் விரட்டவில்லை. ‘எல்லோரும் ஒதுக்குவார்கள்’ என்பது பொய்த்துப்போக ஒரே ஒரு ஆள் போதும். அதனால்தான் யாருமே இல்லாத நிலையிலிருந்து ஒருவர் இருக்கும் நிலைக்கு வருவது அவ்வளவு பெரிய மாற்றமாகிறது. இனி நாளில் அரை மணி நேரமாவது அவன் காவலை இறக்கிவைக்கலாம். மீன் இறங்குதளத்தில் பையன்கள் அவன் நடையைக் கேலி செய்தால், அதைத் தனக்குள் உருட்டாமல் உங்களிடம் வந்து சொல்லலாம். “தப்பு அவர்கள் பேச்சில் இருக்கிறது, உன்னிடம் இல்லை” என்று நீங்கள் சொல்லும்போது அந்த மூன்றாவது எண்ணம் வேர்பிடிக்க இடமில்லாமல் போகிறது. கேலி நிற்காது. அது அவனுக்குள் போய்த் தங்குவது குறையும்.

இந்தப் பலன் கெட்டுப்போவதும் உங்கள் வாயால்தான். “எனக்குப் பரவாயில்லை, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்” என்றால், மறைப்பதற்கு இன்னொரு காவலாளியாகிவிடுவீர்கள். “யாரிடம், எப்போது சொல்வது என்பது உன் முடிவு, அதுவரை என் வாயிலிருந்து வராது” என்று சொல்லுங்கள். நல்லெண்ணத்தில்கூட அவனைக் கேட்காமல் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். முறைப்பெண் பேச்சை நிறுத்த உங்களைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை. “படிக்கிற பிள்ளைகளிடம் கல்யாணப் பேச்சு வேண்டாம்” என்று ஒரு அத்தை சொன்னால் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த 61 நாளும் வீட்டில்தான் இருப்பார், கையில் காசும் இருக்காது. பையனுக்குப் பள்ளியும் இல்லை. அவனைப் பார்த்தபடி இருக்கும் கண்கள் கூடுகிற அந்த நாள்களில் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரவழையுங்கள்.

உங்கள் அன்பு மட்டும் போதாத கட்டமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பிடித்த எதிலும் ஒட்டாமல் இருந்தால், ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்கிற மாதிரிப் பேசினால், “சாகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமென்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவன் சம்மதித்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தூக்கமின்மையும் படபடப்பும்தான் சிகிச்சைக்கு உரியவை, அவனுடைய ஈர்ப்பு நோயல்ல. அதை மாற்றித் தருகிறேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அத்தகைய முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்திருக்கிறது.