புரியாணி, சாம்பாரில் புரதத்தைக் கணக்கிடுவது எப்படி?

"கடைப் புரியாணி, சாம்பார், கறி இதிலெல்லாம் என்ன எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றே தெரியாது. புரதத்தை எப்படிக் கணக்கிடுவது?"

இங்கே மதிப்பீடு என்பது ஒற்றை எண் அல்ல, 'இதிலிருந்து இதற்குள்' என்ற வீச்சு. கலவை உணவில் புரதத்தின் பெரும்பகுதி ஓரிரு பொருட்களில்தான் இருக்கும். பணப்பையில் தாள்களை எண்ணினால் போதும், சில்லறை கணக்கை அதிகம் மாற்றாது, அதுபோலத்தான்.

வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு கோழிப் புரியாணிப் பார்சலை எடுத்துக்கொள்வோம். எலும்பை நீக்கினால் இறைச்சி ஏறக்குறைய விரல்கள் இல்லாத உள்ளங்கை அளவு, சுமார் 80 கிராம். வெந்த கோழியில் கால்பங்கு புரதம், ஆகவே 20 கிராம். முட்டை ஒன்றுக்கு 6. சோறு 400 கிராம் இருந்தால் இன்னும் 10. மொத்தம் 36, நான் 30 முதல் 40 என்றே எழுதுவேன். எலும்போடு எடைபோட்டால்தான் கணக்கு பெரிதாகப் பிழைக்கும்.

சாம்பாருக்குக் கிண்ணத்தைப் பார்க்காதீர்கள், பானையில் போட்ட பருப்பைக் கேளுங்கள். காய்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு நான்கைந்து கிராம்தான்.

கறி தடிப்பாக இருந்தால் புரதம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தடிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பிலிருந்து வருவது.